பின்னணி நீக்கிய படம்: பிஎன்ஜியா, வெப்பியா?

கும்பகோணம் பக்கம் பித்தளை விளக்கு வியாபாரம் செய்கிற என் அத்தை மகன் தன் கடைக்கு ஒரு இணையதளம் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு விளக்குகள். குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, சங்கிலி போட்ட தூக்குவிளக்கு என்று ஒவ்வொன்றும் பின்னணி இல்லாமல், அரக்குச் சிவப்பு நிறத்தின் மேல் தனியாக நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் அவருடைய கைப்பேசியிலேயே பக்கம் திறக்க நேரமெடுத்தது. ஒரு நாள் கூப்பிட்டார்.

"மாப்ள, வெப்பின்னு ஒண்ணு இருக்காமே. எல்லாப் படத்தையும் அதுக்கு மாத்திட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றாரு. மாத்திட்டு இந்த பிஎன்ஜி எல்லாத்தையும் அழிச்சிடவா?"

"மாத்தலாம் மச்சான், ஆனா எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்தக் கூடாது. எதையும் அழிக்கவும் வேண்டாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

பின்னணி நீக்கிய படம் நம் கண்ணுக்கு ஒரே படம். கோப்புக்குள்ளே அது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த இரண்டு படங்கள். முதலாவது, சிவப்பு, பச்சை, நீலம் கலந்த வண்ணப்படம். இரண்டாவதை ஆல்ஃபா என்பார்கள். எந்தப் புள்ளி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும், எது பாதி மட்டும் தெரிய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம் அது. கோலத்துக்கு வைக்கும் துளையிட்ட அச்சுத் தகடு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தகட்டில் துளை உண்டு அல்லது இல்லை, இரண்டே நிலைதான். ஆல்ஃபாவில் 0 முதல் 255 வரை 256 நிலைகள் உண்டு. தூக்குவிளக்கின் சங்கிலி விளிம்பு படிக்கட்டு மாதிரி உடையாமல் வழுவழுவென்று பின்னணியோடு கலப்பது இந்த இடைநிலைகளால்தான்.

இந்த இரண்டு படங்களின் சுபாவமும் வேறு வேறு. ஆல்ஃபாவில் பெரும்பகுதி முழு வெள்ளை அல்லது முழுக் கறுப்பு, விளிம்பில் மட்டும்தான் மாற்றம். அதனால் துளியும் இழக்காமல் நன்றாகச் சுருங்கும். ஆனால் இங்கே சிறு பிழை நேர்ந்தாலும் விளிம்பு பிசிறடித்து, கண்ணில் பட்டுவிடும். வண்ணப்படம் இதற்கு நேர் எதிர். பித்தளையின் பளபளப்பு, வார்ப்பின் சொரசொரப்பு, கேமரா தன் பங்குக்குச் சேர்க்கும் மணல்மணலான இரைச்சல் என்று ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியிலிருந்து கொஞ்சம் வேறுபடும். இதை இழப்பில்லாமல் சுருக்குவது கஷ்டம். கொஞ்சம் இழந்தாலோ யாருக்கும் தெரியாது.

பிஎன்ஜிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் இழப்பில்லாமல்தான் சேமிக்கும். ஒவ்வொரு வரியிலும் பக்கத்துப் புள்ளியையும் மேல்வரிப் புள்ளியையும் வைத்து அடுத்த புள்ளியை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கி வைக்கும். வரைந்த படத்தில் ஊகம் பலிக்கும், வித்தியாசம் சுழியாகும், கோப்பு சிறுத்துவிடும். புகைப்படத்தில் ஊகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தவறும். அந்தத் தவறுகளில் ஒழுங்கு எதுவும் இல்லாததால் அவற்றைச் சுருக்க முடியாது. 1990களின் நடுவில் ஜிஃப் வடிவத்துக்கு மாற்றாகத்தான் பிஎன்ஜி உருவானது. ஜிஃபில் இருந்த சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கேட்கப் புறப்பட்டதுதான் அதற்குத் தூண்டுதல். புகைப்படத்துக்கு அப்போதே ஜேபெக் இருந்தது. ஆனால் ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. அதனால் பின்னணி நீக்கிய புகைப்படம் மட்டும் வேறு போக்கிடம் இல்லாமல் இத்தனை வருஷமும் பிஎன்ஜியிலேயே குடியிருந்தது.

கூகுள் 2010இல் வெப்பியை அறிவித்தது. எழுத்தில் WebP, அதை 'வெப்பி' என்று உச்சரிக்கச் சொன்னதும் அவர்களேதான். முதலில் வந்தது இழப்புள்ள வடிவம் மட்டும். இழப்பில்லா வடிவமும் ஆல்ஃபாவும் பிறகு சேர்ந்தன. நமக்கு முக்கியமானது ஒன்றுதான்: இழப்புள்ள வெப்பியில் வண்ணப்படத்தை ஜேபெக் மாதிரி இழப்போடு சுருக்கிவிட்டு, ஆல்ஃபாவைத் தனியாக, இழப்பில்லாமல் வைத்துக்கொள்ளலாம். இழக்கலாம் என்கிற இடத்தில் இழந்து, கூடாது என்கிற இடத்தில் இழக்காமல் இருப்பது. பின்னணி நீக்கிய புகைப்படத்துக்கு வெப்பி பொருந்துவதற்கு இதுவே காரணம். மற்ற பெருமைகள் எல்லாம் இதற்கு அப்புறம்.

அத்தை மகனின் விளக்குகளை வைத்தே ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஒவ்வொரு படமும் அகலம் 1000, உயரம் 1000 புள்ளி. சட்டத்தில் பாதி இடத்தை விளக்கு அடைத்திருக்கிறது, அதாவது 5 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வண்ணம் என்றால் 15 லட்சம் பைட். பிஎன்ஜி அதைப் பாதியாக்கியது என்று வைத்துக்கொண்டால் ஒரு படம் சுமார் 750 கேபி, பன்னிரண்டு படங்கள் 9 எம்பி. இழப்பில்லா வெப்பி பிஎன்ஜியைவிடச் சராசரியாக 26 சதவீதம் சிறியது என்பது கூகுள் வெளியிட்ட கணக்கு. அதன்படி 9 எம்பி ஏறக்குறைய 6.7 ஆகும். ஆல்ஃபாவோடு சேர்ந்த இழப்புள்ள வெப்பி, பிஎன்ஜியில் மூன்றில் ஒரு பங்குதான் வரும் என்பதும் அவர்கள் சொல்வதே. அப்படியானால் 3 எம்பி. தன் சரக்கைத் தானே எடைபோட்டுச் சொல்கிற கணக்கு என்பதை மறக்க வேண்டாம். உங்கள் படத்தில் லாபம் கூடலாம், குறையலாம். ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகமில்லை.

இந்த எடை இறங்கும்போதுதான் குறையும். இறங்கிய பிறகு உலாவி படத்தை விரித்து நினைவகத்தில் வைக்கும்போது, எந்த வடிவமானாலும் புள்ளிக்கு நான்கு பைட் ஆகிவிடும். 1000க்கு 1000 படம் என்றால் 40 லட்சம் பைட், பன்னிரண்டுக்கும் சேர்த்து 48 எம்பி. பழைய கைப்பேசியில் பக்கத்தை நகர்த்தும்போது திக்கினால் வெப்பி அதற்கு மருந்து இல்லை, படத்தின் அளவைத்தான் குறைக்க வேண்டும். நீளமும் அகலமும் பாதியானால் புள்ளிகள் கால்வாசி ஆகும். வடிவத்தை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதை விட்டுவிட்டு நேராக வெப்பிக்குப் போகிறார்கள்.

அத்தை மகனின் கோப்புகளைத் திறந்ததும் நான் கண்ட இன்னொரு சங்கதி, எடையில் ஒரு பங்கு விளக்கே இல்லை என்பது. பின்னணியை அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். பல மென்பொருள்கள் அழிப்பதில்லை. ஆல்ஃபாவில் அந்த இடத்தை 0 ஆக்கி மறைத்துவிடுகின்றன, அவ்வளவுதான். அடியில் கடைச் சுவரும் மேசையும் படமெடுத்தவர் கையும் அப்படியே இருக்கும். பிஎன்ஜி விசுவாசமான வேலைக்காரன் மாதிரி, யாருமே பார்க்காத அந்தச் சுவரையும் இழப்பில்லாமல் சுமக்கும். கிம்ப் மென்பொருளில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, மறைந்த புள்ளிகளின் வண்ணத்தைச் சேமிக்கவா என்று ஒரு தேர்வுப் பெட்டி வருவது இதற்காகத்தான். உங்கள் கோப்பில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க, இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரு வரி போதும். இரண்டாவது வரி ஒளிந்ததைத் துடைத்துவிடும்:

```
magick vilakku.png -alpha off ulle.png
magick vilakku.png -background black -alpha background suttham.png
```

முதல் கட்டளை ஆல்ஃபாவை எடுத்துவிட்டு அடியில் இருப்பதைக் காட்டும். விளக்குக்குப் பின்னால் ஒரே கறுப்போ வெள்ளையோ வந்தால் கோப்பு சுத்தம். பழைய சுவர் திரும்ப வந்தால், எடை ஒரு பிரச்சினை, அந்தரங்கம் இன்னொன்று. வீட்டில் எடுத்த படமாக இருந்தால், நீங்கள் மறைத்ததாக நினைத்த முகத்தையும் முகவரிப் பலகையையும் யாரும் பார்த்துவிடலாம். வெப்பியாக மாற்றும் `cwebp` கருவி, நீங்கள் `-exact` என்று வற்புறுத்தினால் ஒழிய, மறைந்த வண்ணத்தைத் தானே களைந்துவிடும். அதனால் அழுக்குப் பிஎன்ஜியோடு வெப்பியை ஒப்பிட்டுவிட்டு, 'பத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது' என்று யாராவது சொன்னால் பாதிப் புகழ் துடைப்பத்துக்கு உரியது. முதலில் பிஎன்ஜியைச் சுத்தம் செய்துவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம்.

சுத்தம் செய்த விளக்குகளை இப்படி மாற்றினேன்:

```
cwebp -q 80 -alpha_q 100 -m 6 -sharp_yuv suttham.png -o vilakku.webp
```

`-q` வண்ணப்படத்தின் தரம். `-alpha_q` விளிம்பின் தரம். 100 என்றால் ஆல்ஃபா இழப்பில்லாமல் இருக்கும். சொல்லாவிட்டாலும் அதுதான் இயல்பு மதிப்பு, ஆனால் வேறு யாராவது இந்த வரியை நகலெடுத்துக் குறைத்துவிடக் கூடாது என்று எழுதியே வைப்பேன். அதைக் குறைத்தால் மிச்சமாவது பெரும்பாலும் சில்லறை, கெடுவதோ கண்ணுக்கு முதலில் படுகிற விளிம்பு.

மாற்றிய படத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அரக்குச் சிவப்பிலும் கருநீலத்திலும் வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி, சங்கிலியின் துளைகளைப் பாருங்கள். விளக்கைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் வெப்பி மேல் பழி போட வேண்டாம். அசல் பிஎன்ஜியிலும் அதே கோடு இருக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த படத்தில் விளிம்புப் புள்ளிகளோடு சுவரின் வெள்ளை ஏற்கெனவே கலந்திருக்கிறது. வெட்டிய இடத்திலேயே அதைச் சரிசெய்ய வேண்டும். அசலில் இல்லாத அழுக்கு நிறம் வெப்பியின் விளிம்புக்கு உள்புறம் புதிதாக வந்திருந்தால் மட்டும் தரத்தை 85, 90 என்று ஏற்றிப் பாருங்கள்.

விளக்குகளோடு மென்மையான நிழலும் வெட்டி எடுத்திருந்தார் படமெடுத்தவர். நிழல் என்பது ஆல்ஃபாவில் நூறு வகைச் சாம்பல். இழப்பில்லாமல் சுருங்கும் என்று நான் சொன்ன அந்தத் தகடு, நிழல் சேர்ந்தால் அவ்வளவு எளிதில் சுருங்காது. நிழலை வெட்டிவிட்டு உலாவியையே போடச் சொன்னேன். கீழே உள்ள வரி படத்தின் சதுரத்துக்கு நிழல் போடாது, ஆல்ஃபாவின் வடிவத்தை ஒட்டி, சங்கிலித் துளை உள்பட, நிழல் போடும். தரையில் படிந்த அசல் நிழலுக்கு இது ஈடில்லை. கடைப் பக்கத்துக்குப் போதும்.

```css
.vilakku { filter: drop-shadow(0 12px 10px rgba(0,0,0,.35)); }
```

இனி கடையின் முத்திரை. மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்பில் கடைப் பெயர், அதுவும் பின்னணி நீக்கிய படம்தான். இதையும் அதே கட்டளையில் போட்டபோது 'ழ' எழுத்தின் வால் மங்கிப்போய், சிவப்பு மஞ்சளுக்குள் கசிந்தது. காரணம் எளிது. இழப்புள்ள வெப்பி வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளும், நிறத்தையோ நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வைக்கும். பித்தளையில் இது தெரியாது. மஞ்சள் மேல் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரியும். மேலே உள்ள `-sharp_yuv` இதைத் தணிக்கும், தீர்க்காது. வரைந்த படம், எழுத்து, முத்திரை இவற்றுக்கெல்லாம் இழப்பில்லா வடிவம்தான்:

```
cwebp -lossless -z 9 muthirai.png -o muthirai.webp
pngquant --quality=80-95 muthirai.png
```

இரண்டாவது வரி வேறு வழி. வண்ணங்களை 256க்குள் அடக்கி, பிஎன்ஜியாகவே வைத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு நிறம் மட்டுமே உள்ள முத்திரையில் இது ஏறக்குறைய எந்த இழப்பும் இல்லாமல் கோப்பை நன்றாகச் சிறுக்க வைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு கேபிதான் என்றால் நான் பிஎன்ஜியை வைத்துக்கொள்வேன், எங்கேயும் திறக்கும். இதே வேலையை விளக்குப் புகைப்படத்தில் செய்தால் பித்தளையின் பளபளப்பு பட்டை பட்டையாகப் பிரியும். முத்திரையின் வரைகோட்டுக் கோப்பு கையில் இருந்தால் எஸ்விஜிதான் எல்லாவற்றையும்விட நல்லது, ஆனால் அச்சகத்தில் கொடுத்த அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது!

'எங்கேயும் திறக்கும்' என்றேன். வெப்பி எங்கே திறக்காது? உலாவிகளில் அந்தச் சண்டை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. குரோமில் நெடுங்காலமாக உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் 2019 ஜனவரியில் வந்த 65ஆம் பதிப்பிலிருந்து உண்டு. கடைசிவரை முரண்டு பிடித்த சஃபாரியும் 2020இல் 14ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், மேக் கணினியில் பிக் சர் முதல். ஐபோன் 6 வைத்திருப்பவரால் ஐஓஎஸ் 12ஐத் தாண்ட முடியாது, எனவே அவருக்கு வெப்பி தெரியாது. அங்கே குரோமை நிறுவினாலும் பயனில்லை, அதற்குள்ளும் ஓடுவது ஆப்பிளின் எந்திரமே. இப்படிப்பட்டவர்கள் இன்று சொற்பம். அவர்களையும் விட வேண்டாம் என்றால் இதுவே போதும்:

```html
<picture>
  <source srcset="vilakku.webp" type="image/webp">
  <img src="vilakku.png" width="500" height="500" alt="குத்துவிளக்கு">
</picture>
```

வெப்பி தெரிந்த உலாவி முதல் கோப்பை மட்டும் இறக்கும். தெரியாதது பிஎன்ஜியை இறக்கும். இரண்டையும் இறக்காது.

உண்மையான தொல்லை உலாவிக்கு வெளியே இருக்கிறது. விலைப்பட்டியல் அஞ்சலில் போகும்போது, விண்டோஸில் இன்னும் பலர் வைத்திருக்கும் பழைய அவுட்லுக் வெப்பியைக் காட்டாது. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் இருக்கும் பழைய ஃபோட்டோஷாப் திறக்காது, 2022இல் வந்த 23.2ஆம் பதிப்பிலிருந்துதான் அதில் வெப்பி நேரடியாகத் திறக்கும். அதனால் பக்கத்தில் காட்டுவதற்கு வெப்பி, பிறர் இறக்கிக்கொண்டு வேறு எங்காவது வைக்கப்போவதற்கு பிஎன்ஜி என்று பிரித்துவிட்டோம்.

வாட்ஸ்ஆப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் படங்கள் அந்த வழியாகத்தான் பயணிக்கின்றன. பின்னணி நீக்கிய பிஎன்ஜியைப் 'போட்டோ'வாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிவிடும், ஆல்ஃபா போய்விடும், விளக்குக்குப் பின்னால் பெட்டி அடைத்துக்கொண்டு நிற்கும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போகும். பெயரின் வாலில் `.jpg` என்பதை அழித்து `.png` என்றோ `.webp` என்றோ எழுதினால் வடிவம் மாறாது. அத்தை மகனின் பன்னிரண்டில் இரண்டு அப்படிப் பெயர் மட்டும் மாறிய ஜேபெக்குகள். அவற்றைத் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று.

இப்போது அவருடைய தளத்தில் விளக்குகள் இழப்புள்ள வெப்பி, முத்திரை 256 வண்ணப் பிஎன்ஜி. சுத்தம் செய்த அசல் பிஎன்ஜிகள் கடைக் கணினியில் ஒரு தனி அடைவில் இருக்கின்றன. நாளைக்கு வேறு அளவோ வேறு வடிவமோ வேண்டுமென்றால் அங்கிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும், இழந்த வெப்பியிலிருந்து அல்ல. நீங்களும் மாற்றுவதாக இருந்தால், மாற்றிய கையோடு அசலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.